பாட்டில் அசையாமல் காட்சியை மாற்றுவது

ஒரு லோஷன் பாட்டில் படத்தின் வலப்பக்கம் நிற்கிறது. இடப்பக்கம் எழுத்துக்காக விட்ட காலியிடம். இதே அமைப்பு மர மேசையில் ஒன்று, ஈரப் பாறையில் ஒன்று, பனியில் ஒன்று என மூன்று படங்களை ஏஐ மாடலில் உருவாக்க வேண்டும். ப்ராம்ப்டை மட்டும் மாற்றினால் பாட்டில் ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில், வேறு அளவில் வந்து நிற்கும். இடத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்லச் சொற்களால் முடியாது.

2023-இல் வந்த கன்ட்ரோல்நெட் இதற்கு ஒரு வழி தந்தது. சொற்களிலிருந்து படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடலைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, அதன் முன்பாதியை நகலெடுத்து, அந்த நகலுக்கு மட்டும் ஒரு வழிகாட்டிப் படத்தைப் படிக்கப் பயிற்சி தருகிறார்கள். இரைச்சலிலிருந்து படம் தெளிந்து வரும்போது, எங்கே எது நிற்க வேண்டும் என்ற குறிப்பை நகல் மூல மாடலுக்குச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

வழிகாட்டி, மூலப் புகைப்படத்தின் ஓரக் கோடுகளை மட்டும் காட்டும் விளிம்புப் படமா, ஆழப் படமா என்பதுதான் அடுத்த கேள்வி. பாட்டிலுக்கு நான் விளிம்பையே எடுப்பேன். ஆழப் படம் எது அருகில், எது தொலைவில் என்று மட்டும் காட்டுவதால் மூடியின் வரிப்பள்ளங்கள், லேபிளின் ஓரம் எல்லாம் அதில் மழுங்கிவிடும். கண்ணாடிப் பொருளென்றால் ஆழக் கணிப்பே தடுமாறும்.

ஆனால் விளிம்புக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. விளிம்பெடுக்கப் பயன்படும் கேனி முறை, வெளிச்சம் சட்டென மாறும் இடத்திலெல்லாம் கோடு போடும். அது பாட்டிலின் ஓரமா, பின்துணியின் மடிப்பா, நிழலின் எல்லையா என்று அதற்குத் தெரியாது. பனிக் காட்சியில் துணி மடிப்பு பனியில் விழுந்த விரிசலாக வரும். பழைய நிழலின் கோடு, புதிய வெளிச்சத்துக்குச் சம்பந்தமே இல்லாத கறையாக நிற்கும். படத்தில் காரணம் புரியாத கோடு தெரிந்தால் முதலில் விளிம்புப் படத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அதனால் பாட்டிலை மாஸ்க் செய்து, அதற்கு வெளியே உள்ள கோடுகளை முழுக்க அழித்துவிட வேண்டும். சரி, இப்போது வேறொரு தொல்லை: கோடே இல்லாத கறுப்புப் பரப்பை மாடல் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு பின்னணியை வெறுமையாக்கப் பார்க்கும். இதற்குக் கட்டுப்பாட்டைப் பாதியில் விடலாம். பொருள்கள் எங்கே என்பது ஆரம்பப் படிகளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். பாறையின் சொரசொரப்பு போன்ற நுணுக்கம் பின்னால் வருவது. டிஃப்யூசர்ஸ் நூலகத்தில்:

```
controlnet_conditioning_scale=0.8,
control_guidance_end=0.6
```

30 படிகள் என்றால் கடைசி 12 படிகள் கட்டுப்பாடின்றி ஓடும். இந்த எண்கள் தொடங்குவதற்குத்தான். வந்த படத்திலிருந்து மறுபடி விளிம்பெடுத்து, மூலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பாட்டிலின் கோடு இரட்டையாகத் தெரிந்தால் 0.6-ஐக் கொஞ்சம் கூட்டுங்கள்.

லேபிள் எழுத்து மட்டும் இதற்குக் கட்டுப்படாது. மாடல் வேலை செய்யும் சுருக்கப் படத்தில் 8-க்கு 8 பிக்சல் ஒரே புள்ளியாகிறது. சின்ன எழுத்து அதில் சிதைந்துபோகும். அப்புறம் கடைசியில் மூலப் படத்தின் லேபிளை வெட்டி, அதே இடத்தில் ஒட்டி, புதிய வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்ய வேண்டியதுதான். பாட்டில் அசையாமல் இருந்தால் அந்த வெட்டு மூன்று படங்களிலும் அச்சாகப் பொருந்தும்.