அசல் கோப்பு இல்லாதபோது மிகைத்திருத்தத்தைத் தணிப்பது எப்படி?

தலைமுடியை ஒட்டி வெள்ளைக் கோடு ஓட, கன்னமும் நெற்றியும் பிளாஸ்டிக் பொம்மையைப் போல வழவழப்பாகிவிட்ட முகப்படம் ஒன்று கையில் இருக்கிறது. அதன் அசல் கோப்போ அழிந்துவிட்டது. இரண்டும் ஒரே திருத்தத்தில் விளைந்த கோளாறுகள் போலத் தோன்றினாலும், அவற்றின் இயல்பு நேர் எதிரானது. விளிம்புக் கோடு, படத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்ததால் வந்தது. தோலின் வழவழப்பு, இருந்த ஒன்றை அழித்ததால் வந்தது. சேர்த்ததைப் பெருமளவு நீக்கிவிடலாம். அழிந்ததை மீட்க முடியாது, அதன் இடத்தில் வேறொன்றை வைக்க மட்டுமே முடியும்.

கூர்மையாக்கும் கருவி, படத்தின் மங்கலான நகல் ஒன்றைத் தனக்குள் உருவாக்கி, அதற்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கைப் படத்தின்மீதே கூட்டுகிறது. கருமைக்கு 0, வெண்மைக்கு 255 என்ற அளவுகோலில், பின்னணிச் சுவரின் ஒளி அளவு 200, அதை ஒட்டிய கருங்கூந்தலின் அளவு 50 என்று கொள்வோம். எல்லையில் மங்கலான நகலின் அளவு ஏறத்தாழ 125 ஆக இருக்கும். சுவர்ப் பக்கத்தில் வேறுபாடு 75. அதில் 40 விழுக்காட்டைக் கூட்டினால் சுவர் 230 ஆக உயரும், கூந்தல் ஓரம் 20 ஆகத் தாழும். கண்ணில் உறுத்தும் வெள்ளைக் கோடும், அதன் உட்புறத்தில் பலரும் கவனிக்காத கருங்கோடும் இப்படித்தான் பிறக்கின்றன.

வெள்ளைக் கோட்டை நீக்க, கிம்ப் செயலியில் குளோன் கருவியை எடுத்து, அதன் முறையை `Darken only` என்று மாற்ற வேண்டும். கோட்டுக்கு வெளியே, கோளாறு எட்டாத சுவர்ப் பகுதியை மாதிரியாக எடுத்துக் கோட்டின் மீது தீட்டும்போது, மாதிரியைவிட வெளிச்சமான பிக்சல்கள் மட்டுமே மாறும். ஆகவே 230 ஆன பட்டை 200க்கு இறங்கும். 50 அளவுள்ள முடியிழைகள், தூரிகை அவற்றின் மீதே சென்றாலும், அப்படியே நிற்கும். கூந்தலோரக் கருங்கோட்டுக்கு `Lighten only` முறையில், கூந்தலின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்து, ஒளிபுகாமையை 30 விழுக்காடு அளவில் வைத்து மெல்லத் தீட்ட வேண்டும். முழு அளவில் தீட்டினால் இழைகளுக்கு இடையிலுள்ள இயல்பான நிழலும் போய்விடும். சுவரில் ஒளி இடத்துக்கு இடம் மாறுமானால் மாதிரியை அடிக்கடி புதுப்பிப்பது அவசியம். இல்லையேல் வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் சாம்பல் திட்டுகள் தெரியும்.

தோலுக்கு இந்த வழி உதவாது. மங்கலாக்கம் என்பது அண்டைப் பிக்சல்களின் சராசரி. 118, 130, 124 ஆகிய மூன்றுக்கும் 124 என்பதே சராசரி, 124 மூன்று முறை வந்தாலும் அதுவே சராசரி. ஆழ்ந்து மங்கலாக்கி, எட்டு பிட் ஜேபெக்காகச் சுருக்கியும் சேமித்த பிறகு, கன்னத்தில் எந்தத் துளை எங்கே இருந்தது என்பதைச் சொல்லும் தடயம் கோப்பில் எஞ்சுவதில்லை. அந்தத் தோலை மறுபடி கூர்மையாக்கினால் ஜேபெக் கட்டங்கள்தான் மேலெழும்.

பெரும்பாலும் மெருகேற்றம் முகத்தோடு நின்றுவிடுவதால், கழுத்திலோ காதோரத்திலோ உண்மையான தோலின் இழையமைப்பு தப்பியிருக்கும். இதையே நான் முதலில் தேடுவேன். கிடைத்தால் அந்தத் துண்டை நகலெடுத்துத் தனி லேயராக வைத்து, அதன்மீது `High Pass` வடிப்பானைச் செலுத்தினால், நிறமும் நிழலும் நீங்கி, சாம்பல் நிறத்தின் மீது நுண்மேடு பள்ளங்கள் மட்டும் நிற்கும். அந்த லேயரை `Grain merge` முறைக்கு மாற்றிக் கன்னத்தின் மேல் நகர்த்தினால், கன்னத்தின் நிறம் மாறாமல் இழையமைப்பு மட்டும் படியும். ஒளிபுகாமையை ஏறத்தாழப் பாதியில் தொடங்கிக் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். ஒரே துண்டைப் பல இடங்களில் ஒட்டும்போது, ஒவ்வொரு முறையும் சற்றுத் திருப்பி வைக்காவிட்டால், ஒரே புள்ளி மறுபடி மறுபடி தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். கண், உதடு, புருவம் ஆகியவற்றை மாஸ்க் கொண்டு விலக்கிவிட வேண்டும்.

அப்படிப்பட்ட துண்டே இல்லையென்றால், நடுச்சாம்பல் லேயரில் நிறமற்ற இரைச்சலை, அதாவது ஒழுங்கற்ற நுண்புள்ளிகளைச் சேர்த்து, அதை ஒரு பிக்சலுக்கும் குறைவாக மங்கலாக்கி, `Soft light` முறையில் மெல்லியதாகப் படியவைக்கலாம். இது தோல் அல்ல, பிலிம் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் மணியைப் போன்றது. ஆனால் கூர்மையான இமைகளுக்கும் வழவழப்பான கன்னத்துக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையை இது குறைக்கிறது. முகம் போலியாகத் தோன்றுவதற்கு அந்தப் பொருத்தமின்மையே பெரிய காரணம்.

விளிம்பு வேலை முடிந்த பிறகே தோல் வேலையைத் தொடங்க வேண்டும், ஏனெனில் லேயர்களை ஒன்றாக்கிய பின்னால் தீட்டும் குளோன் தூரிகை, சேர்த்த மணியையும் அழித்துவிடும். நூறு விழுக்காட்டு அளவில் பார்த்துவிட்டு, படம் இறுதியில் காட்டப்படும் அளவிலும் பார்க்க வேண்டும். சுருக்கும்போது மணி பெரும்பாலும் கரைந்துவிடும். 255ஐ எட்டி வெளுத்துப்போன நெற்றிப் பளபளப்பில் இழையமைப்பைத் திணிக்காமல் விடுவதே நல்லது, ஏனெனில் அங்கே அது தோலாகத் தெரியாமல் அழுக்காகத் தெரியும்.