"கேஸ்தான் டாக்டர், ஒண்ணுமில்ல"

எங்கள் பயிற்சி மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. அறை முழுக்கத் தீ, நடுவில் தொப்பி போட்ட நாய், மேஜையில் காபிக் கோப்பை. முகத்தில் புன்னகையோடு 'திஸ் இஸ் ஃபைன்', அதாவது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறது. கே.சி. கிரீன் என்ற அமெரிக்கர் 2013 ஜனவரியில் தன் 'கன்ஷோ' இணையச் சித்திரத் தொடருக்காக வரைந்தது. நாம் பார்ப்பது முதல் இரண்டு கட்டங்களைத்தான். மூலத்தில் ஆறு கட்டங்கள். நாய் காபியைக் குடிக்கிறது, கை பற்றி எரிகிறது, அப்போதும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது, கடைசியில் முகமே உருகி வழிகிறது.

இந்த நாய்க்கு நெருப்பு தெரியாமல் இல்லை. நடக்கும் நிகழ்வுகளில் தனக்குச் சம்மதமே என்று நடுவில் அலுவலகக் கடிதம் மாதிரி ஒரு வசனம்கூடப் பேசுகிறது. கண்ணால் பார்த்ததற்கு ஒரு சமாதானம் சொல்லி, நாற்காலியை விட்டு எழாமல் இருக்கிறது. மறுப்பு மனநிலை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அறியாமை வேறு. தெரியாதவருக்குச் சொன்னால் கேட்டுக்கொள்வார். மறுப்பவர் நமக்கே பதில் வைத்திருப்பார்.

மாரடைப்பில் அந்தப் பதிலுக்கு நம் ஊரில் பெயர், 'கேஸ்'.

குடியாத்தம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மே மாதம், இரவு பத்து மணி. சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சில் பாரம், இடது தாடை வரைக்கும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி. சட்டை நனைந்துவிட்டது. "என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றார் மனைவி. "வேலூர் வெயில்ல வேர்க்காம என்ன செய்யும்? கேஸ்தான், சும்மா இரு." சோடா குடித்தார், இரண்டு ஏப்பம் வந்தது, லேசாக இருப்பது போலவும் இருந்தது. அந்த ஏப்பம்தான் வினை. மாரடைப்பு வலி கூடும், குறையும். குறைந்த நேரமும் ஏப்பமும் ஒன்றாக அமைந்துவிட்டால் அவருக்குச் சாட்சியே கிடைத்த மாதிரி.

விடியற்காலை மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினார்கள். எங்களிடம் வந்தபோது மணி ஐந்தரை. ஈசிஜியில் இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைபட்ட அரை மணி, முக்கால் மணிக்குள்ளேயே தசை சாகத் தொடங்கிவிடும். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாம் என்றாலும் அதன் முழுப் பலன் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். இவருக்கு ஏழரை மணி நேரம் போயிருந்தது. அடைப்பை பலூன் வைத்துத் திறந்தோம், ஸ்டென்ட் வைத்தோம். பிழைத்தார். ஆனால் எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறார்.

வெயில் வியர்வைக்கும் இதற்கும் வித்தியாசம் தொட்டாலே பெரும்பாலும் தெரியும். வெயிலில் உடம்பு சூடாக இருக்கும். மாரடைப்பில் நெற்றியும் கையும் ஜில்லென்று, ஈரமாக, முகம் வெளுத்து இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வருவதுண்டு. "வலிக்கவே இல்லையே" என்று அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, அதனால்தான் இன்னும் ஆபத்து.

மறுப்பு எப்போதுமே கெடுதல் என்றும் சொல்லமாட்டேன். ஹேக்கெட், கேசம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதய நோயாளிகளின் மறுப்பை அளக்கவே 1974-இல் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். வார்டில் படுத்துக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்ல" என்பவர் பதற்றமில்லாமல் தூங்குவார், அது நல்லதுதான். அதே வாக்கியத்தை வீட்டில் சொன்னால் நேரம் போகிறது.

வீட்டில் இருப்பவர்கள் "இது கேஸ் இல்லை" என்று வாதாட வேண்டாம், அதில் அவர்தான் ஜெயிப்பார். "கேஸாவே இருக்கட்டும், ஒரு ஈசிஜி எடுத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள். அவர் தோற்காமலே எழுந்து வர அது வழி விடும். பைக்கில் உட்கார வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று உடனே திரும்பிவிடவும் வேண்டாம். சில மாரடைப்புகள் அதில் தெரியாது. வலி இருந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று எடுப்போம், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கான பரிசோதனையும் செய்வோம். அதுவும் வலி தொடங்கிய உடனே ஏறாது, சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை அவர் "நான்தான் சொன்னேனே, கேஸ்னு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லட்டும், ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி.