ஐயாயிரம் பாக்கிக்கு ஏன் இவ்வளவு வட்டி?

கிரெடிட் கார்டு புகார்களைக் கவனிக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பெரும்பகுதியைக் கட்டிட்டேனே சார், மிச்சம் ஐயாயிரம்தான். அதுக்கா இவ்வளவு வட்டி?" வட்டி அந்த ஐயாயிரத்துக்கு மட்டும் இல்லை என்பது பலருக்கும் ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மார்ச் 20 அன்று 30,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 15 அன்று ஸ்டேட்மென்ட் வருகிறது. பணம் கட்டக் கடைசி நாள் மே 5. அன்று 25,000 கட்டுகிறீர்கள். கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42.

மே 15 ஸ்டேட்மென்ட்டில் 5,000 ரூபாய்க்குப் பத்து நாள் வட்டி, ஏறக்குறைய 58 ரூபாய்தான் வரும் என்று நினைப்பீர்கள். ஆனால் முழுத் தொகையையும் கட்டினால் மட்டுமே வட்டியில்லாக் காலம் உண்டு. கொஞ்சம் பாக்கி நின்றாலும் அந்தச் சலுகை பின்தேதியிட்டு ரத்தாகிவிடும். அதனால் முழு 30,000 ரூபாய்க்கும், வாங்கிய நாளான மார்ச் 20-லிருந்து மே 5 வரை 46 நாளுக்கு வட்டி ஓடும். அது சுமார் 1,588 ரூபாய். அதோடு அந்த 58-ஐயும் சேர்த்தால் 1,646. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 296. ஆக மொத்தம் 1,942 ரூபாய்.

ஏப்ரல் 15-க்குப் பிறகு மளிகைக்கோ பெட்ரோலுக்கோ அதே கார்டைத் தேய்த்திருந்தால், அவற்றுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி உண்டு. 'மினிமம் டியூ' கட்டியவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். அது தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கும், வட்டியைத் தவிர்க்காது. பாக்கி நின்றால் வட்டியில்லாக் காலம் போய்விடும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாக விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் பொடி எழுத்தில் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முழுத் தொகையையும் புரட்ட முடியாவிட்டால், கையில் இருப்பதைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. அதே 25,000-ஐ ஏப்ரல் 20 அன்றே கட்டியிருந்தால், ஜிஎஸ்டிக்கு முந்தைய வட்டி 1,646-லிருந்து சுமார் 1,214 ஆகக் குறைந்திருக்கும். கையில் குறைவது அந்த ஐயாயிரம் மட்டும்தான் என்றால், வீட்டில் கேட்டோ சிறு நகைக்கடன் வாங்கியோ அதையும் கட்டிவிடுவதே லாபம்.

அடுத்த மாதம் முழுவதும் கட்டிய பிறகும் ஒரு சிறு வட்டி வரலாம். ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரை ஓடிய வட்டி அது. அதையும் கட்டிவிடுங்கள். அதற்கு அடுத்த ஸ்டேட்மென்ட்டிலும் வட்டி வந்தால், எந்தத் தொகைக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரத்தை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.