மூன்று யூனிட் எம்-சாண்டும் பின் ஆக்சில் படும் பாடும்

கிரஷரில் எம்-சாண்டையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில்தான் ஏற்றுகிறார்கள். ஒரு யூனிட் 100 கன அடி. ரோட்டில் நிறுத்தினால் கேட்பது டன் கணக்கு. லாரிக்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான். காய்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் நாலரை டன் இருக்கும். கழுவி ஈரத்தோடு அள்ளினால் அதே யூனிட் ஐந்து டன்னைத் தாண்டிவிடும். பாடியில் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்.

நாமக்கல் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களிடம் வரும் ஆறு சக்கர டிப்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி.யில் மொத்த எடை 18.5 டன், காலி வண்டி 7 டன். ஆக, ஏற்றலாம் என்பது 11.5 டன். ஆனால் ஊரில் அதற்குப் பெயர் ‘மூணு யூனிட் வண்டி’. ஈர மணல் மூன்று யூனிட் ஏற்றி எடைமேடையில் நிறுத்தினால் 22.5 டன் காட்டுகிறது. நாலு டன் அதிகம்.

“நாலு டன்தானுங்களேண்ணா, வண்டி இழுக்குது” என்பார் டிரைவர். இழுக்கத்தான் செய்யும். சரி, ஆக்சில் ஆக்சிலாக நிறுத்திப் பார்ப்போம். 2018-ல் மத்திய அரசு உயர்த்திய வரம்புப்படி இரண்டு டயர் உள்ள முன் ஆக்சிலுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சிலுக்கு 11.5 டன். குவியல் பின்கதவுப் பக்கம் சாய்ந்திருந்ததால் இந்த வண்டியின் முன் ஆக்சிலில் 6.5 டன்தான். மீதி 16 டன்னும் பின்னால். மொத்த எடையில் 22 சதவீதம்தான் கூடுதல் என்றாலும் பின் ஆக்சிலுக்கு அது 39 சதவீதம் கூடுதல். வண்டி உடைவதும் அங்கேதான்.

பின் ஸ்பிரிங் பட்டை வளைவு இழந்து நேராகிவிடும். சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி மயிரிழை விரிசல் விழும். போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். ஜோடி டயர்களுக்கு நடுவே விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கச்சுவரும் ஒன்றையொன்று உரசியிருந்தால் பளபளவென்று கருப்பு வளையம் தெரியும். அந்த டயர் சூட்டில் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம்.

இதற்கு உரிமையாளர்கள் கேட்கும் வைத்தியம், “ஒரு பட்டை சேத்துப் போட்டுருங்கண்ணா.” போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பிரேக், ஹப் பேரிங், ஆக்சில் எல்லாம் பழைய அளவுதானே? பட்டை வாங்காத அதிர்ச்சி சேசிஸுக்குப் போகும். ஆர்.சி.யில் உள்ள வரம்பும் ஒரு கிலோ கூடாது. எனக்கு இந்த வேலை பிடிக்காது, செய்வதும் இல்லை.

பிரேக்கில் இது இன்னும் மோசம். அதே வேகத்தில் வரும் 22.5 டன்னை நிறுத்த, 18.5 டன்னைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் சூட்டை டிரம்கள் விழுங்க வேண்டும். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது டிரம்முக்கு ஆற நேரமே கிடையாது. லைனிங் சூடேறி வழுக்க ஆரம்பித்தால், மிதித்தும் வண்டி நிற்காது. அப்படி வந்த வண்டியின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே நீலம் பாரித்துக் குறுக்கே வெடிப்புகள் இருக்கும். லைனிங் கண்ணாடி மாதிரி மின்னும்.

சாலைக்கு ஆகும் சேதம், ஆக்சில் எடை கூடும் விகிதத்தின் நான்காம் அடுக்காக ஏறும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த தோராய விதி அது. அதன்படி 16 டன் பின் ஆக்சில் ஒருமுறை கடப்பது, 11.5 டன் ஆக்சில் கிட்டத்தட்ட நான்கு முறை கடப்பதற்குச் சமம்.

அப்புறம் அபராதம். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நம் டிப்பருக்கு 28,000. கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் நம் தலையில்தான், இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது. எடை போட மறுத்தால் 40,000. டிரைவர் மேல் பழியைப் போட்டுத் தப்பவும் வழியில்லை: உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 113-ஆவது பிரிவு.

கிரஷர் எடைமேடையிலேயே முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு எடுங்கள். பிறகு முழு வண்டி. கழித்தால் வருவது பின் ஆக்சில். மேடையும் அதன் முன்புறத் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எடை மாறிக் காட்டும். பின்னால் மட்டும் கூடினால் லோடரை வைத்துக் குவியலை முன்பக்கம் தள்ளிவிடலாம். மொத்தமே கூடியிருந்தால் அங்கேயே இறக்கிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் லோடர் கிடைக்காது, மண்வெட்டியும் ஆளும் தேட வேண்டியிருக்கும்.