சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு: 3 மணி நேரத்தை வினாக்களுக்குப் பங்கிடும் முறை

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு 3 மணி நேரமும் 30 மதிப்பெண்ணும் கொண்டது. பருமனறி பகுப்பாய்வுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8, பாடப்பகுதி சார்ந்த சோதனைக்கு 6, செயல்திட்டத்திற்கு 4, பதிவேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் 4 என அது பிரிக்கப்பட்டுள்ளது. ஆக, தேர்வு மேசையில் உழைத்துப் பெற வேண்டியவை 22 மதிப்பெண்கள். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 விழுக்காடு பெற வேண்டும் என்பது விதி.

முடிவு தவறினாலும் மதிப்பெண் முழுவதும் போய்விடுவதில்லை. செய்முறை, அளவீட்டு அட்டவணை, கணக்கீடு, உற்றுநோக்கல் ஆகியவற்றுக்கும் தேர்வாளர் மதிப்பெண் வழங்கலாம். எனவே ஒவ்வொரு வினாவிலும் முதல் சில மதிப்பெண்கள் விரைவில் கிடைப்பவை, கடைசி ஒன்றிரண்டுதான் நேரத்தை விழுங்குபவை. இதைக் கருத்தில் கொள்ளாமல் ஒரு வினாவை முற்றிலும் முடித்த பிறகே அடுத்ததைத் தொடும் மாணவர், மற்றொரு வினாவின் எளிய மதிப்பெண்களை இழந்துவிடுகிறார்.

மொத்தமுள்ள 180 நிமிடங்களில் தொடக்கத் திட்டத்திற்கு 10, வாய்மொழித் தேர்வுக்கு 10, இறுதிச் சரிபார்ப்புக்கு 10 என ஒதுக்கினால் 150 மிஞ்சும். அதை 8:8:6 என்ற விகிதத்தில் பிரித்தால் ஏறக்குறைய 55, 55, 40 நிமிடங்கள் வருகின்றன. ஆனால் பருமனறி பகுப்பாய்வில் திட்டக் கரைசலை மாணவரே எடை போட்டுத் தயாரிக்க வேண்டும் என்பதால், தராசுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து அதற்கு 65 நிமிடமும், மூன்றாவது சோதனைக்கு 30 நிமிடமும் வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

வினாத்தாளில் 0.05 M மோர் உப்புக் கரைசல் 100 மி.லி. தயாரித்து, அதைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் செறிவைக் காணவும், துத்தநாக சல்பேட்டாக இருக்கும் ஓர் உப்பைப் பகுப்பாய்வு செய்யவும் கேட்டிருப்பதாகக் கொள்வோம். தராசு அருகே கூட்டம் சேரும் முன்பே 1.96 கிராம் எடை போட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்த நீரில் கரைத்துத் திட்டக் குடுவையில் நிரப்புவது முதல் வேலை. ஒவ்வொரு முறையும் 20 மி.லி. கரைசலுடன் அமிலத்தைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். அமிலம் குறைந்தால் குடுவையில் பழுப்புக் கலங்கல் தோன்றும், அந்த அளவீடு பயன்படாது. நிலையான இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒத்த அளவீடுகள் இரண்டு கிடைத்துவிட்டால் நான்காவது, ஐந்தாவது முறை எடுப்பதால் பயனில்லை. பியூரெட் அளவு 19.8 மி.லி. எனில், செறிவு 0.05 × 20 ÷ (5 × 19.8), அதாவது ஏறக்குறைய 0.0101 M ஆகும். அட்டவணையையும் கணக்கீட்டையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

உப்புப் பகுப்பாய்வில் எதிர்மின் அயனியை முதலில் முடிப்பதே மேல். பேரியம் குளோரைடு சேர்த்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாத வெள்ளை வீழ்படிவு தோன்றினால் சல்பேட் உறுதியாகிறது. நேர்மின் அயனியில்தான் தாமதம் நேர்கிறது, ஏனெனில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுக்காகக் கிப் உபகரணத்தின் முன் வரிசை நிற்கும். இரண்டாம் தொகுதி இல்லை என்று தெரிந்தால், வாயு கலந்த அதே கரைசலைக் கொதிக்கவைத்துக் கொண்டிராமல், மூலக் கரைசலிலிருந்து புதிதாக எடுத்து மூன்றாம் தொகுதியைச் சோதிக்கலாம். இதில் சில நிமிடங்கள் மிச்சமாகின்றன.

ஒதுக்கிய 55 நிமிடம் முடிந்தும் நான்காம் தொகுதியின் வீழ்படிவு கிடைக்கவில்லையெனில், அங்கேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது. பூச்சியம், முதல், இரண்டாம், மூன்றாம் தொகுதிகள் இல்லை என்பதை, செய்த சோதனை, கண்டது, முடிவு என்ற வரிசையில் எழுதி, உறுதியான சல்பேட்டையும் குறித்துவிட்டு மூன்றாவது சோதனைக்குச் செல்ல வேண்டும். துத்தநாகமாக இருக்கலாம் என்ற ஊகத்தைச் சோதனையின்றி உறுதியான முடிவாக எழுதுவது முறையல்ல, வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஆதாரம் கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. மூன்றாவது சோதனை முன்னதாக முடிந்தால், மிஞ்சிய நேரத்தில் நான்காம் தொகுதிக்குத் திரும்பலாம்.

பள்ளியின் அக, புறத் தேர்வாளர்கள் வழங்கும் மதிப்பெண்கள் இணையத்தில் பதிவேற்றப்பட்ட பின் அவற்றைத் திருத்த இயலாது என்பதால், விடைத்தாளில் உள்ளதை அன்றே முழுமையாக்க வேண்டியுள்ளது. கடைசிப் 10 நிமிடங்களில் புதிய சோதனை எதையும் தொடங்காமல், அலகுகள், அயனிகளின் பெயர், சமன்பாடு, விடுபட்ட உற்றுநோக்கல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் அளவீடுதான் கைவசம் இருக்கிறது என்றாலும், அதைக் கொண்டே கணக்கீட்டை முடித்து, ஒரே அளவீடு என்பதை அட்டவணையில் மறைக்காமல் காட்டித் தாளை ஒப்படைக்க வேண்டும்.