'ஏற்பாடு ஆவணம்'னா உயிலா, கொடையா? ஒரு சொல் பண்ற குழப்பம்

"வீட்டை பையனுக்கு ஏற்பாடு பண்ணி எழுதி வச்சுட்டேன், பிடிக்கலைன்னா எப்ப வேணா ரத்து பண்ணிக்கலாம்ல?" இந்தக் கேள்விய கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. கேக்குறவங்க மேல தப்பே இல்லை. செட்டில்மெண்ட்டுக்குத் தமிழ்ல 'ஏற்பாடு'ன்னு பேர் வச்சவங்க மேலதான் எனக்குக் கோபம்.

முதல்ல சொற்களோட கதைய சீக்கிரமா முடிச்சுடுறேன். உயில்ங்கறது தமிழ்ச் சொல் இல்லை, இங்கிலீஷ் 'வில்'தான் நம்ம வாயில உயில் ஆச்சு. தெலுங்குக்காரங்க அதையே வீலுநாமான்னாங்க, மலையாளத்துல வில்பத்ரம், இலங்கைத் தமிழர் மரணசாசனம்னு அழகா ஒரு சொல் வச்சிருக்காங்க, கேட்ட உடனே 'செத்தப்புறம்'னு புரிஞ்சிடும். தானம் வடமொழி, கொடை நம்ம சொல். நம்ம ஊர்ல பிள்ளைக்கு வீடு எழுதுறப்ப 'தான செட்டில்மெண்ட்'னு ரெண்டு மொழியையும் ஒட்டவச்சு எழுதுவாங்க. காசு வாங்காம, உயிரோட இருக்கும்போதே கொடுக்குறதால உள்ளடக்கம் கொடைதான்.

இப்ப 'ஏற்பாடு'க்கு வருவோம். தமிழ்ல ஏற்பாடு பண்றதுன்னா என்ன? பின்னால நடக்கப்போறதுக்கு முன்னாடியே வழி செஞ்சு வைக்கிறது. கல்யாண ஏற்பாடு, சாப்பாட்டு ஏற்பாடு. அப்ப 'சொத்துக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன்'னா கேக்குறவங்களுக்கு என்ன தோணும்? எனக்கப்புறம் யாருக்குன்னு எழுதி வச்சுட்டேன்னுதானே, அதாவது உயில். இன்னொரு வேடிக்கையும் இருக்கு. பைபிள்ல பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடுன்னு படிக்கிறோமே, அந்த இடத்துல இங்கிலீஷ்ல இருக்குற 'டெஸ்டமெண்ட்'டுக்கு உயில்னும் ஒரு பொருள் உண்டு, மூலத்துல இருக்குற கிரேக்கச் சொல்லுக்கும் உடன்படிக்கை, உயில்னு ரெண்டு பொருளும் உண்டு. ஆக, உயில் வாசனை அடிக்கிற ஒரு சொல்ல எடுத்து, உயிலுக்கு நேர் எதிரா இருக்குற ஆவணத்துக்கு ஒட்டியாச்சு.

நேர் எதிர்னு ஏன் சொல்றேன்னா, கொடை பதிவான அன்னைக்கே உரிமை கைமாறிடும். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 122ஆம் பிரிவு சொல்றது, கொடுக்குறவர் மனசார, விலை வாங்காம கொடுக்கணும், அவர் உயிரோட இருக்கும்போதே வாங்குறவர் ஏத்துக்கணும். வீடு நிலம்னா ரெண்டு சாட்சியோட பதிவும் கட்டாயம். உயில்ல அன்னைக்கு எதுவுமே நகராது, எழுதினவர் சாகுற வரைக்கும் அது வெறும் காகிதம்தான், சுயநினைவோட இருக்குற வரைக்கும் கிழிக்கலாம், மாத்தலாம், கடைசியா எழுதினதுதான் நிக்கும். பதிவு பண்ணியே ஆகணும்னும் இல்லை.

பேர விட உள்ள இருக்குற வாசகம்தான் முக்கியம், கோர்ட்டும் தலைப்பப் பாக்காது. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். அறுபத்தெட்டு வயசு அம்மா, தன் பேர்ல ஒரு வீடு, வழிகாட்டி மதிப்பு 60 லட்சம். பத்திரத்துல 'என் ஆயுள் வரை நானே ஆண்டு அனுபவித்து, என் காலத்துக்குப் பின் நீ சகல உரிமையுடன் அடைந்துகொள்ள வேண்டியது'ன்னு மட்டும் இருந்தா, மேல செட்டில்மெண்ட்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் உயில்னுதான் ஆகும். 'இன்று முதல் இச்சொத்து உனக்கே உரியது, நான் என் ஆயுள் வரை இதில் குடியிருந்து கொள்வேன்'னு இருந்தா அது கொடை, அம்மா அந்த வீட்லயே இருந்தாலும் சரி, சாவி அவங்க இடுப்புலயே இருந்தாலும் சரி. சுவாதீனம் கொடுக்காமலே கொடை செல்லும்னு உச்ச நீதிமன்றம் 2014ல சொல்லிருக்கு. ரெண்டு வாக்கியத்துக்கும் வித்தியாசம் 'இன்று முதல்'ங்கற ரெண்டு சொல்தான்.

செலவும் வேற. தமிழ்நாட்டுல 2023 ஜூலை திருத்தத்துப்படி குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்னா முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், ஆனா 40,000க்கு மேல போகாது, பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், 10,000க்கு மேல போகாது. இந்த அம்மாவுக்கு மொத்தம் 50,000. உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது.

இப்ப அந்த 'ரத்து'. உயில ரத்து பண்றதும் கொடைய ரத்து பண்றதும் ஒரே வேலை மாதிரி தமிழ்ல ஒரே சொல்ல போட்டு வச்சிருக்கோம். உயில்ல அது நம்ம இஷ்டம். கொடையில இஷ்டத்துக்கு இடமே இல்லை, அதே சொத்து மாற்றுச் சட்டத்தோட 126ஆம் பிரிவு அதத் தெளிவா சொல்லுது. கொடுக்குறவர் கையில இல்லாத ஏதாவது ஒரு சம்பவம் நடந்தா திரும்ப வரும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டிருக்கணும், இல்ல ஏமாத்தி மிரட்டி வாங்கினதுன்னு நிரூபிக்கணும். 'நான் எப்ப நினைச்சாலும் ரத்து செய்துகொள்வேன்'னு புத்திசாலித்தனமா ஒரு வரி சேக்கச் சொல்றவங்க உண்டு, அந்த வரிய சேத்தா அந்தக் கொடையே செல்லாதுன்னு அதே பிரிவு சொல்லுது. சார்பதிவாளர் ஆபீஸ்ல போய் தனியா ரத்துப் பத்திரம் எழுதி பதிஞ்சுட்டா முடிஞ்சதுன்னு நினைச்சவங்களுக்கும், ஏத்துக்கிட்ட செட்டில்மெண்ட்ட ஒருதலையா ரத்து பண்ண முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2022ல சொல்லிடுச்சு. அதனால உயிலுக்கு 'மாத்துறது', கொடைக்கு 'முறிக்கிறது'ன்னு ரெண்டு சொல்லா பிரிச்சுட்டா பாதிக் குழப்பம் தீரும். முறிக்கிறதுன்னு கேக்கும்போதே அது லேசான வேலை இல்லைன்னு தெரியும்.

மொழிபெயர்க்கிறவங்க பண்ற பெரிய கூத்து 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவுலதான். 'பிள்ளை கவனிக்கலைன்னா பத்திரம் தானாவே ரத்து'ன்னு செய்தி போடுறாங்க. தானா எதுவும் ஆகாது. அறுபது வயசு ஆனவர், தன்னப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட கொடுத்து, வாங்கினவர் செய்யலைன்னா அந்த மாற்றத்த மோசடியாலயோ மிரட்டியோ வாங்கினதாக் கருதி, கொடுத்தவர் கேட்டா தீர்ப்பாயம் செல்லாதுன்னு அறிவிக்கலாம். நம்ம மாநிலத்துல அது கோட்டாட்சியர் கிட்ட போற மனு. நிபந்தனை பத்திரத்துல இருக்கணுமாங்கறதுல இழுபறி, 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தே ஆகணும்னு கறாரா சொன்னது, 2025ல இந்தச் சட்டத்த முதியவங்களுக்கு உதவுற மாதிரி தாராளமா படிக்கணும்னு சொன்னது, அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் அன்பும் பாசமும்ங்கறதே மறைமுகமான நிபந்தனைதான்னு சொன்னது. ஆனா உங்க வழக்கு எந்தத் தீர்ப்பு பக்கம் சாயும்னு நம்பிக்கிட்டு இருக்கிறத விட, எழுதும்போதே 'உணவு, உடை, மருத்துவம், இருப்பிடம் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்'னு ஒரு வரி போட்டுக்கறது எவ்வளவோ மேல். பத்திர எழுத்தர் வச்சிருக்குற பழைய மாதிரியில அந்த இடத்துல 'பிற்காலத்தில் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை'ன்னு இருக்கும், படிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்க. நடுவுல பையன் வீட்ட வித்துட்டாலோ பேங்க்ல அடமானம் வச்சுட்டாலோ, முறிக்கிற வேலைல வெளியாளும் வந்து சேருவான், சிக்கல் இன்னும் கூடும்.

உயில்ங்கற சொல்லையே எடுத்துட்டு 'விருப்ப ஆவணம்'னு போடணும்னு தனித்தமிழ்க்காரங்க சிலர் சொல்றாங்க. எனக்கும் தூய தமிழ் மேல ஆசைதான், ஆனா கொடைப் பத்திரத்துலயும் 'என் சொந்த விருப்பத்தின் பேரில்'னு வரி வருதே, அப்ப எது விருப்ப ஆவணம்? உயில் வந்து வேரூன்றிடுச்சு, இருக்கட்டும். இலங்கைக்காரங்க மாதிரி மரணசாசனம்னு சொல்லலாம், இல்ல உயில்னே சொல்லலாம். பதிவு ஆபீஸ்ல 'ஏற்பாடு'ன்னு இருக்குற இடத்துல 'கொடைப் பத்திரம்'னு மாத்தினாலே போதும்.