பிசிஆர் 1.2 என்றால் சந்தை ஏறுமா? ஓப்பன் இன்ட்ரஸ்டை எப்படிப் படிப்பது

ஆப்ஷன் வர்த்தகம் செய்யும் வாடிக்கையாளர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான்: "சார், நிஃப்டி பிசிஆர் 1.2 காட்டுது, கால் வாங்கலாமா?" பிசிஆர் என்பது புட்-கால் ரேஷியோ. அந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்று புரிய, ஓப்பன் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக ஓஐ, எதை எண்ணுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செந்தில் ஒரு கால் ஆப்ஷனை, அதாவது குறித்த விலையில் வாங்கும் உரிமையை, ரகுவிடமிருந்து வாங்குகிறார். இருவருக்குமே இது புதிய பொசிஷன். ஓஐ 1, வால்யூமும் 1. கொஞ்ச நேரம் கழித்துச் செந்தில் அதைப் பானுவிடம் விற்று வெளியே வருகிறார். வால்யூம் 2 ஆகிவிட்டது. ஆனால் ஓஐ 1 தான், ஏனென்றால் செந்திலின் இடத்துக்குப் பானு வந்திருக்கிறார், அவ்வளவே. கடைசியில் ரகு தன் விற்பனையை முடிக்கப் பானுவிடமிருந்தே வாங்கிக்கொள்கிறார். வால்யூம் 3, ஓஐ பூஜ்யம். அதாவது, இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்கள் எத்தனை என்பதை மட்டுமே ஓஐ சொல்கிறது. அப்படி நிற்கும் ஒவ்வொன்றுக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர் இருக்கிறார்.

ஆகவே "25,200 காலில் ஓஐ ஏறுது, எல்லாரும் கால் வாங்குறாங்க" என்பது தவறான வாசிப்பு. எத்தனை பேர் வாங்கினார்களோ அத்தனைக்கும் எதிரே விற்றிருக்கிறார்கள். இரண்டு பக்கத்தில் யார் அவசரப்பட்டார் என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல். அதை ஓஐ சொல்லாது. ஆப்ஷனின் விலையான பிரீமியத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எக்ஸ்பயரிக்கு நான்கு வர்த்தக நாட்கள் இருக்கின்றன. காலை 10 மணிக்கு நிஃப்டி 24,980. 25,200 காலின் பிரீமியம் 58 ரூபாய், ஓஐ 60,000 லாட். பதினொன்றரை மணிக்கு நிஃப்டி கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. ஓஐ 95,000 ஆகிவிட்டது, பிரீமியமோ 46. ஒன்றரை மணி நேரம் கழிந்ததால் மட்டும் இந்த ஆப்ஷன் மூன்று நான்கு ரூபாய்தான் குறையும். மீதி எட்டு ரூபாய் விற்பவர்களின் அழுத்தத்தில் குறைந்திருக்கிறது. விலை இறங்கினாலும் பரவாயில்லை என்று புதிதாக விற்றுக்கொண்டே போயிருக்கிறார்கள். இதைத்தான் கால் ரைட்டிங் என்கிறோம். நிஃப்டி 25,200-ஐ எளிதில் தாண்டாது என்று அவர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

மதியம் ஒன்றரைக்கு நிஃப்டி 25,090. பிரீமியம் 84, ஓஐ 70,000 ஆகக் குறைந்திருக்கிறது. நிஃப்டி ஏறினால் பிரீமியம் ஏறுவது இயல்பு. கவனிக்க வேண்டியது ஓஐ குறைந்ததைத்தான். காலையில் 46-க்கும் 50-க்கும் விற்றவர்கள் நஷ்டத்தில் திரும்ப வாங்கி வெளியேறுகிறார்கள், அதாவது ஷார்ட் கவரிங். "25,200 தடுப்பு" என்று காலையில் ஆப்ஷன் செயினைப் பார்த்துக் குறித்துவைத்தவர் இந்த இரண்டாவது வாசிப்பைத் தவறவிட்டால், உடைந்துகொண்டிருக்கும் தடுப்பை நம்பி உட்கார்ந்திருப்பார். மொத்த ஓஐயைவிட `CHNG IN OI` என்ற பத்தியை நான் அதிகம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது புட்-கால் ரேஷியோ. கால் வாங்கும் உரிமை என்றால் புட் விற்கும் உரிமை. புட்களின் மொத்த ஓஐயைக் கால்களின் மொத்த ஓஐயால் வகுத்தால் பிசிஆர். புட் அதிகம் என்றால் பயம் அதிகம் என்றுதான் முதலில் தோன்றும். அமெரிக்காவில் சிகாகோ ஆப்ஷன் சந்தையான சிபோ வெளியிடும் ரேஷியோ அன்றன்றைய வால்யூமை வைத்துக் கணக்கிடப்படுவது. அதை வாங்குபவர் கண்ணோட்டத்தில் படிப்பார்கள்: புட் வாங்கக் கூட்டம் கூடினால் பயம், பயம் அளவு மீறினால் அடிப்பகுதி நெருங்கிவிட்டதோ என்ற சந்தேகம். நம் ஊரில் பெரும்பாலோர் படிப்பது ஓஐ பிசிஆர். அதையும் விற்பவர் கண்ணோட்டத்தில்: புட் விற்றவர்கள் தைரியமாக இருக்கிறார்கள், ஆகவே கீழே தாங்கு இருக்கிறது. ஒரே பெயருள்ள எண்ணுக்கு நேரெதிரான இரண்டு பொருள்! வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நிஃப்டி பிசிஆரைப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

விற்பவர் கண்ணோட்டத்திலேயே படித்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கால் ஓஐ 10 லட்சம், புட் ஓஐ 9 லட்சம், பிசிஆர் 0.9 என்று வைத்துக்கொள்வோம். புட்டில் புதிதாக 3 லட்சம் சேர்ந்தால் 12-ஐ 10-ஆல் வகுக்க 1.2. புட் அப்படியே இருந்து, காலில் 2.5 லட்சம் முடிக்கப்பட்டால் 9-ஐ 7.5-ஆல் வகுக்க அதுவும் 1.2 தான். முதலாவதில் புதிய பொசிஷன்கள் வந்திருக்கின்றன. இரண்டாவதில் பழையவை கலைந்திருக்கின்றன, புதிதாக யாரும் எந்த நம்பிக்கையும் வைக்கவில்லை.

முதலாவதிலும் அந்த 3 லட்சம் எந்த ஸ்ட்ரைக்கில், அதாவது ஒப்பந்தத்தில் குறித்த எந்த விலையில், சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். சந்தை விலைக்கு ஆயிரத்து ஐந்நூறு புள்ளிகள் கீழே, இரண்டு ரூபாய் பிரீமியத்தில் இருக்கும் புட்களைப் பலர் வாங்குவது சந்தை விழும் என்று நினைத்து அல்ல. பக்கத்து ஸ்ட்ரைக்கில் விற்றதற்கு மார்ஜின் குறையும் என்பதற்காக வாங்குகிறார்கள். பிசிஆர் கணக்கில் அந்த இரண்டு ரூபாய் புட்டும் இருநூறு ரூபாய் புட்டும் ஒன்றுதான். செபியும் இந்தக் குறையைக் கணக்கில் எடுத்தது. 2025 மே 29 தேதியிட்ட சுற்றறிக்கையில், டெரிவேட்டிவ் சந்தையின் ஓஐயை டெல்டா அடிப்படையில், அதாவது ஒவ்வொரு ஆப்ஷனும் எத்தனை ஃபியூச்சருக்குச் சமமாக நகரும் என்று பார்த்துக் கணக்கிடும் முறைக்கு மாறச் சொன்னது. நாம் பார்க்கும் சாதாரண பிசிஆரில் அந்தத் திருத்தம் கிடையாது. அதனால் சந்தை விலைக்கு மேலும் கீழும் ஐந்தாறு ஸ்ட்ரைக்குகளை மட்டும் கூட்டி பிசிஆர் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மொத்த எண்ணும் இதுவும் வெவ்வேறு திசை காட்டினால், மொத்த எண்ணை ஒதுக்கிவிடுவேன்.

புட் விற்றவர்கள் "தாங்கு" என்பதற்கும் எல்லை உண்டு. 2024 ஜூன் 3, தேர்தல் கருத்துக்கணிப்புகளுக்கு அடுத்த வர்த்தக நாள். நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-ல் முடிந்தது. அன்று மாலை 23,000 புட்டை விற்று வைத்திருந்தவருக்கு 260 புள்ளிகளுக்கு மேல் இடைவெளி இருந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி இடையில் 21,300-க்கும் கீழே போய், 21,884.50-ல் முடிந்தது. அந்த 23,000 புட்டின் உள்மதிப்பு மட்டுமே 1,115 ரூபாய். இப்படிப்பட்ட நாளில் புட் விற்றவர்கள் சந்தையைத் தாங்க மாட்டார்கள். தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் புட்டைத் திரும்ப வாங்குவார்கள், அல்லது ஃபியூச்சரை விற்பார்கள். ஃபியூச்சர் விற்பனை வீழ்ச்சியை இன்னும் வேகமாக்கும். கீழே குவிந்திருந்த புட் ஓஐ அப்போது தாங்காக இல்லாமல் எரிபொருளாகிவிடுகிறது. தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற பெரிய அறிவிப்புக்கு முந்தைய நாளில் பிசிஆரைப் பார்த்துப் பொசிஷன் எடுக்காதீர்கள் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான்.

விற்றது யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அதைப் பார்ப்பவர்கள் குறைவு. சந்தை முடிந்தபின் என்எஸ்இ தினமும் பங்கேற்பாளர் வாரியான ஓஐயை வெளியிடுகிறது. வாடிக்கையாளர்களான கிளையன்ட், உள்நாட்டு நிறுவன முதலீட்டாளர்களான டிஐஐ, வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களான எஃப்ஐஐ, சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் தரகர்களான ப்ரோ என நான்கு வகையினரும் கால், புட் இரண்டிலும் எவ்வளவு வாங்கியும் விற்றும் வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தனித்தனியாக இருக்கும். புட்டில் ப்ரோ நிகர விற்பனையிலும் கிளையன்ட் நிகர வாங்கலிலும் இருந்தால் ஒரு கதை, தலைகீழாக இருந்தால் வேறு கதை. ஆனால் அதில் ஸ்ட்ரைக் வாரியான பிரிவு இல்லை. எஃப்ஐஐ புட் வாங்கியிருப்பது கையில் உள்ள பங்குகளுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கலாம், அவர்களின் பங்கு இருப்பு அந்தப் பட்டியலில் வராது. ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, நான்கைந்து நாட்களாக அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். புதிய வார எக்ஸ்பயரி தொடங்கிய முதல் நாளில் மட்டும் எதையும் முடிவுகட்ட வேண்டாம், பழைய ஒப்பந்தங்கள் கழிந்து எண்ணிக்கை சட்டென்று மாறியிருக்கும்.